பகடையும் காய்களும்: கணக்குக்குப் பயப்படும் குழந்தையோடு விளையாடும்போது செய்யும் தவறுகள்

பகடையில் ஐந்து விழுகிறது. "எண்ணிப் பார், எத்தனை?" என்று உடனே கேட்டுவிடுகிறோம். குழந்தை ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்து ஐந்து என்கிறது. விடை சரிதான், ஆனால் எண்ணுவது அதற்கு ஏற்கெனவே தெரியும். ஐந்துக்குள் நாலும் ஒன்றும் இருக்கிறது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

மூன்று நாலு பொருள் வரை எண்ணாமலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேல் பிரித்துப் பார்க்க வேண்டும். பகடையின் ஐந்தில் நாலு மூலை, நடுவில் ஒன்று. ஆறில் மூன்று மூன்றாக இரண்டு வரிசை. அதனால் "எப்படித் தெரிகிறது?" என்று கேளுங்கள். அதே வடிவத்தில் காய்களை அடுக்கச் சொல்லி, நடுக்காயை எடுத்துவிட்டு, இப்போது எத்தனை என்று கேளுங்கள். காய்களைக் குவியலாகக் கொட்டி வைத்தால் இதெல்லாம் நடக்காது; குவியலை ஒவ்வொன்றாக எண்ணத்தான் முடியும்.

அடுத்த தவறு, தப்பான விடையை அப்படியே தள்ளிவிடுவது. இரண்டு பகடைகளில் ஐந்தும் மூன்றும் விழ, குழந்தை "ஏழு" என்கிறது. அதன் உதட்டைக் கவனியுங்கள். "ஐந்து, ஆறு, ஏழு" என்று முணுமுணுத்திருந்தால் அது கவனக்குறைவு இல்லை. கூட்ட வேண்டிய மூன்றில் முதலாவதாக ஐந்தையே எண்ணியிருக்கிறது. கட்டங்களில் காய் நகர்த்தும்போது, நிற்கிற கட்டத்தையே ஒன்று என்று தொடங்குவதும் இதே குழப்பம்தான்.

"கவனமாகச் செய்" என்றால் இது சரியாகாது. ஐந்து காய்களைப் பகடை வடிவில் வைத்துக் கிண்ணத்தால் மூடுங்கள். உள்ளே எத்தனை? ஐந்து. வெளியே இருக்கும் மூன்று காய்களில் ஒவ்வொன்றாகத் தொட்டு ஆறு, ஏழு, எட்டு என்று சொல்லட்டும். காயைத் தொடாமல் எண் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் விதி. கிண்ணத்தைத் தூக்கி மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினால், ஐந்து இன்னும் அதன் மனதில் நிற்கவில்லை என்று அர்த்தம். அப்போது இரண்டாவது பகடையை எடுத்து வைத்துவிட்டு, மூன்று காய் உள்ளே, இரண்டு வெளியே என்று சின்ன எண்களுக்கு இறங்குங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுவது. பதற்றம் வந்துவிட்டால், ஐந்தை மனதில் வைத்துக்கொண்டே மேலே எண்ணுவதற்கு இடமிருக்காது. குழந்தையின் பார்வையே காட்டிக்கொடுக்கும்: பகடையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்து விடையை ஊகிக்கும். அப்போது கேள்வியை நிறுத்திவிடுங்கள்.

யார் ஜெயிப்பது என்ற போட்டியும் அந்த நேரத்தில் வேண்டாம். ஐந்தைந்தாக இரண்டு வரிசை, மொத்தம் பத்துக் கட்டம் வரைந்து, இருவரும் மாறி மாறிப் பகடை உருட்டி அதைச் சேர்ந்தே நிரப்பலாம். உங்கள் முறை வரும்போது, "ஒரு வரிசை நிறைந்துவிட்டது, கீழே இரண்டு, அப்போ ஏழு, இன்னும் மூன்று வேண்டும்" என்று வாய்விட்டு யோசியுங்கள். குழந்தையைக் கேட்க வேண்டாம். சில சுற்று கழித்து அதுவே சொல்லத் தொடங்கும்.