போனில் பேசி முடித்த பாக்கித் தொகையை மெயிலில் பதிவு செய்வது எப்படி?

"அடுத்த மாசக் கடைசியில இருபத்தஞ்சு தந்துடறேன் தம்பி." ஒரு வாடிக்கையாளர் போனில் சொன்ன இந்த ஒரு வரியை நம்பி, நான் ஒன்றும் எழுதி வைக்காமல் விட்டேன். மாதக் கடைசியில் கேட்டபோது, "இருபதுன்னுதானே பேசினோம்? அதுவும் சரக்கு வித்ததுக்கு அப்புறம்னு சொன்னேனே" என்றார். அவர் பொய் சொன்னதாக இன்றும் நான் நினைக்கவில்லை. அவர் நினைவில் அப்படித்தான் தங்கியிருந்தது. என் நினைவில் வேறு மாதிரி. எது சரி என்று காட்ட இருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கடைசியில் இருபதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு, பணம் பற்றி யாரிடம் போனில் பேசினாலும் அன்றைக்கே ஒரு மெயில் அனுப்பிவிடுகிறேன். அது ஒப்பந்தப் பத்திரமோ வக்கீல் நோட்டீஸோ அல்ல. "இப்படித்தானே பேசினோம்? சரியா?" என்று கேட்கும் பத்துப் பதினைந்து வரிக் கடிதம். அதை எழுதும் விதத்தை, அண்மையில் நான் செய்த ஒரு வேலையின் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

கோவைப் பக்கம் மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு 14 லேபிள்கள் வடிவமைத்துக் கொடுத்தேன். மொத்தக் கூலி ரூ. 90,000. அட்வான்ஸ் ரூ. 30,000. வேலை முடிந்து மூன்று மாதம் ஆகியும் பாக்கி 60,000 வரவில்லை. 2025 செப்டம்பர் 17 அன்று காலை முதலாளிக்குப் போன் செய்தேன்.

படி 1: போனை வைப்பதற்கு முன்பே தேதியாக மாற்றுங்கள்

மெயிலின் பாதி வேலை போனிலேயே நடக்கிறது. அவர் சொன்னது இது: "ஒட்டுக்கா முடியாதுங்க தம்பி. இந்த மாசக் கடைசியில ஒரு இருபது, தீபாவளிக்கு முன்னாடி இருபது, மீதி ஐப்பசிக்குள்ள பார்த்துக்கலாம்."

இதை அப்படியே மெயிலில் எழுதினால் பயனில்லை. "மாசக் கடைசி" என்பது 28-ஆ, 30-ஆ? "தீபாவளிக்கு முன்னாடி" என்பது முதல் நாள் இரவாகவும் இருக்கலாம். அதனால் அங்கேயே கேட்டேன்: "மாசக் கடைசின்னா 30-ஆம் தேதி செவ்வாய்க்கிழமைன்னு எடுத்துக்கலாமா? தீபாவளி 20-ஆம் தேதி வருதுங்கண்ணா. 15-ஆம் தேதி புதன்கிழமைன்னு வெச்சுக்கலாமா? கடைசித் தவணை நவம்பர் 14, வெள்ளிக்கிழமை?" "சரி, வெச்சுக்கங்க" என்றார். தேதியோடு கிழமையையும் சொல்வது பழக்கமாகட்டும். எண்ணில் தவறு நேர்ந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றும் போனிலேயே கேட்க வேண்டும். "இருபது" என்றால் கைக்கு வரும் இருபதா, வரிப் பிடித்தத்துக்கு முந்தைய இருபதா? எங்களுக்குள் அட்வான்ஸ் 30,000 தந்தபோதே டிடிஎஸ் 10 சதவீதம் பிடித்து 27,000-தான் கணக்கில் வந்திருந்தது. இதைக் கேட்காமல் விட்டால், 18,000 வந்து விழுந்ததும் நீங்கள் "இரண்டாயிரம் குறைகிறதே" என்பீர்கள். அவர் "முழுசாத்தான் கொடுத்தேன்" என்பார். இருவரும் அவரவர் அளவில் சரியாகவே இருப்பீர்கள். வீட்டு வேலைக்குத் தனிநபர் தரும் பணத்தில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. நிறுவனம் தரும் பணத்தில் வரும். உங்கள் வேலைக்கு எத்தனை சதவீதம் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: யாருக்கு, எந்த மெயிலில்

நீங்கள் பேசியவர் யாரோ அவருக்கே அனுப்புங்கள். முதலாளியோடு பேசிவிட்டுக் கணக்குப் பிள்ளைக்கு மட்டும் அனுப்பினால், "எனக்கு ஒண்ணும் சொல்லலையே" என்று அங்கேயே நின்றுவிடும். கணக்கு பார்ப்பவரை Cc-யில் வைக்கலாம். புதிய மெயில் தொடங்காமல், முன்பு பில் அனுப்பிய அதே மெயிலுக்குக் கீழேயே தொடர்ந்து எழுதுங்கள். வேலை, பில், பாக்கி மூன்றும் ஒரே சரத்தில் கிடக்கும். ஆறு மாதம் கழித்துத் தேடும்போது இதன் அருமை தெரியும்.

படி 3: எழுதுங்கள்

நான் அனுப்பியது இதுதான். பெயரை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> இன்று (17-09-2025, புதன்) காலை நாம் போனில் பேசியதை, இருவர் நினைவுக்காகவும் எழுதி அனுப்புகிறேன்.
>
> 14 மசாலா லேபிள் வடிவமைப்புக்கு 12-06-2025 தேதியிட்ட பில்லின்படி மொத்தத் தொகை ரூ. 90,000. இதில் அட்வான்ஸ் ரூ. 30,000 (டிடிஎஸ் ரூ. 3,000 போக ரூ. 27,000 கணக்கில்) வந்துவிட்டது. பாக்கி ரூ. 60,000 (அறுபதாயிரம்).
>
> இந்தப் பாக்கியை மூன்று தவணையாகத் தருவதாகச் சொன்னீர்கள். நானும் ஒப்புக்கொண்டேன்.
>
> 30-09-2025, செவ்வாய்: ரூ. 20,000
> 15-10-2025, புதன்: ரூ. 20,000
> 14-11-2025, வெள்ளி: ரூ. 20,000
>
> ஒவ்வொரு தவணையிலும் டிடிஎஸ் ரூ. 2,000 போக ரூ. 18,000 பில்லில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரும்.
>
> நான் எழுதியதில் ஏதாவது மாறியிருந்தால் திருத்திச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் "சரி" என்று ஒரு வரி பதில் அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் (19-09-2025) பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.
>
> நன்றி.

இதில் சில இடங்களைக் கவனியுங்கள். பாக்கியை மட்டும் சொல்லாமல் மொத்தம், வந்தது, பாக்கி என்று கழித்துக் காட்டியிருக்கிறேன். அவர் "சரி" என்று சொல்லும்போது தேதிகளோடு சேர்த்து, அறுபதாயிரம் தர வேண்டியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறார். பாக்கித் தொகையை எழுத்தாலும் எழுதியிருக்கிறேன். ஒரு சுழியம் கூடக் குறைய விழுந்தால் அது காப்பாற்றும். "சொன்னீர்கள், ஒப்புக்கொண்டேன்" என்று இருவர் பேச்சும் பதிவாகியிருக்கிறது.

இல்லாததையும் பாருங்கள். "மூன்று மாதமாக அலைய விட்டீர்கள்" என்ற வரி இல்லை. மனத்தாங்கலை எழுதினால் அவர் அதற்குத்தான் பதில் சொல்வார், தொகைக்குச் சொல்ல மாட்டார். தாமதமானால் வட்டி என்ற வரியும் இல்லை, ஏனென்றால் வட்டி பற்றி நாங்கள் பேசவேயில்லை. புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பேசாத ஒன்றைப் பேசியதாக எழுதினால் மெயில் முழுவதன் நம்பகமும் போய்விடும். எதையாவது புதிதாகக் கேட்க வேண்டுமென்றால், "இது நாம் பேசாதது, என் வேண்டுகோள்" என்று தனிப் பத்தியாக எழுதுங்கள்.

அன்றைக்கே அனுப்புங்கள். பேசிய ஒரு மணி நேரத்தில் போன மெயிலுக்கும், தவணை தவறிய பிறகு போகும் மெயிலுக்கும் மதிப்பு ஒன்றல்ல.

படி 4: பதிலை வாங்குவது

அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பதில் வராத மெயில், நீங்கள் சொன்னதற்குச் சாட்சி; அவர் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி அல்ல. "பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று சிலர் எழுதுவார்கள். வெறும் மௌனத்தைச் சட்டம் பொதுவாகச் சம்மதமாகக் கொள்வதில்லை. ஆகவே அந்த வரியை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம்.

எனக்கும் வெள்ளிக்கிழமை வரை பதில் இல்லை. வாட்ஸ்அப்பில், "அண்ணா, மெயில் ஒண்ணு அனுப்பியிருக்கேன், பார்த்துட்டு ஒரு வரி போடுங்க" என்றேன். அங்கேயே பதில் வந்தது: "எல்லாம் சரி தம்பி. கடைசி மட்டும் 21 போட்டுக்குங்க." பலரும் இப்படித்தான், மெயிலில் கேட்டால் வாட்ஸ்அப்பில் பதில் சொல்வார்கள். அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, மெயில் சரத்துக்குத் திரும்பி வந்து எழுதினேன்:

> ஐயா, இன்று (19-09-2025) வாட்ஸ்அப்பில் நீங்கள் சொன்னபடி மூன்றாம் தவணையை 21-11-2025, வெள்ளி என்று மாற்றிக்கொள்கிறேன். மற்ற இரண்டு தேதிகளும் தொகையும் 17-09-2025 மெயிலில் உள்ளபடியே. திருத்திய பட்டியல்: 30-09-2025 ரூ. 20,000, 15-10-2025 ரூ. 20,000, 21-11-2025 ரூ. 20,000.

மாறியது ஒரு தேதிதான் என்றாலும் முழுப் பட்டியலையும் மறுபடி எழுத வேண்டும். எது கடைசி என்று பின்னால் யாரும் தேடும்படி விடக் கூடாது. இந்த முறை மெயிலிலேயே "ஓகே" என்று வந்தது.

சட்டப்படி இதற்கு என்ன மதிப்பு?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன்படி வாய்மொழி ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும். சிக்கல் அதை நிரூபிப்பதில்தான். மின்னணு வழியில் உருவாகும் ஒப்பந்தத்தையும், மின்னணு வடிவம் என்ற காரணத்துக்காக மட்டும் செல்லாது என்று சொல்ல முடியாதபடி தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் 10A பிரிவு இருக்கிறது. வழக்கு என்று போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்தின் அச்சுப் பிரதியோடு ஒரு சான்றிதழும் தர வேண்டியிருக்கும். எனவே ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்துவிட்டு மூல மெயிலை அழித்துவிடாதீர்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளியைச் சொடுக்கி Download message கொடுத்தால் மெயில் முழுதாக ஒரு கோப்பாக இறங்கும். அதையும் தனியே வையுங்கள்.

இன்னொன்று, பழைய பாக்கி உள்ளவர்களுக்கு. இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. அதற்குள் கடன்பட்டவர் எழுத்தில், கையெழுத்தோடு பாக்கியை ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். அவருடைய ஒருவரி மெயில் அதற்குப் போதுமா என்பதை, கெடு நெருங்கும் முன்பே வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். பெரிய தொகைக்கு நான் மெயிலோடு நிறுத்த மாட்டேன். கையெழுத்திட்ட கடிதம் வாங்குவேன்.

படி 5: பணம் வரும்போதெல்லாம் ஒரு வரி

செப்டம்பர் 30 மாலை 18,000 வந்தது. அதே சரத்தில் எழுதினேன்: "முதல் தவணை ரூ. 20,000-க்கு டிடிஎஸ் போக ரூ. 18,000 இன்று வந்தது, நன்றி. பாக்கி ரூ. 40,000. அடுத்த தவணை 15-10-2025." வெறும் நன்றியோடு நிற்காமல், வந்த பணம் எந்த ஏற்பாட்டின்படி வந்தது என்று சொல்வதுதான் இதில் முக்கியம். முதல் மெயிலுக்குப் பதிலே வராமல் போயிருந்தாலும், சொன்ன தேதியில் சொன்ன தொகை வந்ததே அவர் அந்த ஏற்பாட்டை ஏற்று நடந்தார் என்பதைக் காட்ட உதவும்.

இரண்டாவது தவணை இரண்டு நாள் தாமதமாக வந்தது. அதையும் வந்த தேதியைப் போட்டு, குறை சொல்லாமல், பதிந்தேன். நவம்பர் 21-ஆம் தேதி கடைசிப் பதினெட்டாயிரம் வந்ததும், "மொத்தம் ரூ. 90,000-உம் (டிடிஎஸ் ரூ. 9,000 உட்பட) தீர்ந்தது. இந்தப் பில்லில் இனிப் பாக்கி ஏதும் இல்லை" என்று நான் எழுதிக் கொடுத்தேன். அந்த வரி அவருக்கான ரசீது. அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "நன்றி தம்பி. ஊறுகாய் லேபிள் ஆறு இருக்கு, ரேட் போட்டு அனுப்புங்க."