பத்து நிமிட ஸ்டாண்ட்-அப்: பிளாக்கரை மூடும்வரை விடாமல் பிடிப்பது எப்படி

எங்கள் டீமில் ஆறு பேர். தினமும் காலை ஸ்டாண்ட்-அப் தவறாமல் நடக்கும். ஆனாலும் ஒருமுறை ஒரு டிக்கெட் எட்டு வேலை நாட்கள் அசையாமல் கிடந்தது. பேமென்ட் பகுதியைச் சோதிக்க இன்னொரு பிரிவிலிருந்து ஒரு டெஸ்ட் அக்கவுண்ட் வர வேண்டும். டெஸ்டர் தினமும் "அக்கவுண்ட் இன்னும் வரல, மெயில் போட்டிருக்கேன்" என்பார். நாங்கள் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போவோம். எட்டாம் நாள் நான் போன் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, மெயில் போன ஆள் எப்போதோ வேறு டீமுக்கு மாறிவிட்டார். அதை யாருமே படிக்கவில்லை.

எட்டு நாளும் பிளாக்கரை மறைக்காமல் சொன்னார்கள். சொன்னதை யாரும் கையில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்ட முறை இது. போர்டு, டிக்கெட் எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. நேரத்தைப் பிரியுங்கள், பிளாக்கரை முதலில் வையுங்கள்

ஸ்க்ரம் கையேடு இந்தச் சந்திப்புக்கு 15 நிமிடம் தருகிறது. ஆறு பேருக்குப் பத்து போதும். முதல் மூன்று நிமிடம் திறந்திருக்கும் பிளாக்கர்கள், அடுத்த ஆறு நிமிடம் ஆளுக்கு ஒரு நிமிடம், கடைசி நிமிடம் யார் யார் தனியாகப் பேச வேண்டும் என்று குறிப்பதற்கு.

முன்பு பிளாக்கரைக் கடைசியில் வைத்திருந்தோம். யாராவது இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசினால் வெட்டுப்படுவது அதுதான். முதலில் வைத்த பிறகு அது விடுபடவே இல்லை.

ஆளுக்கு ஒரு நிமிடத்தில் நேற்றைய கதை முழுவதும் வேண்டாம். 2020-இல் வந்த ஸ்க்ரம் கையேட்டிலேயே "நேற்று என்ன செய்தேன், இன்று என்ன, தடை என்ன" என்ற மூன்று கேள்விகளை எடுத்துவிட்டார்கள். நாங்கள் போர்டைத் திறந்து, முடியும் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டிக்கெட்டிலிருந்து பின்னோக்கி வருகிறோம். "இது இன்னைக்கு முடிய என்ன வேணும்?" என்பது ஒன்றுதான் கேள்வி. தீர்வு பற்றிப் பேச்சு ஆரம்பித்தால் இருவர் பெயரையும் குறித்துவிட்டு நகருங்கள். மற்ற நால்வரும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

2. பிளாக்கரை முழு வாக்கியமாக எழுதுங்கள்

"டெஸ்ட் அக்கவுண்ட் பிரச்சினை" என்று எழுதினால் நாளைக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் ஷீட்டில் A முதல் H வரை எட்டு நெடுவரிசைகள்: தடை, திறந்த தேதி, யார் வேலை நிற்கிறது, என்ன கிடைத்தால் நகரும், பின்தொடர்பவர், அடுத்து பார்க்கும் தேதி, மூடிய தேதி, வயது.

இதில் உயிரே "என்ன கிடைத்தால் நகரும்" என்பதுதான். அதே அக்கவுண்டை இப்போது எழுதினால் இப்படி இருக்கும்: "பணம் திரும்பப் பெறும் உரிமையோடு ஒரு டெஸ்ட் லாகின், பேமென்ட் பிரிவிலிருந்து." யாரிடம், எதைக் கேட்க வேண்டும் என்று படித்தவுடன் தெரிகிறது.

பின்தொடர்பவராக, வேலை நின்றுபோனவரையே போடாதீர்கள். அவர் வேறு டிக்கெட்டை எடுத்து நகரட்டும். எதிர்ப்பக்கத்து ஆளைப் போனில் பிடிக்கக்கூடியவர் யாரோ அவர் பெயரைப் போடுங்கள். ஒரே ஒரு பெயர். "டீம்" என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள்.

வயதுக்கு H2-இல் இதைப் போடுங்கள். வார விடுமுறையைக் கழித்து வேலை நாட்களை மட்டும் எண்ணும்:

```
=IF(B2="","",NETWORKDAYS(B2,IF(G2="",TODAY(),G2))-1)
```

பார்க்கும் தேதி வந்தும் மூடாத வரிகள் நிறம் மாற, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் A2 முதல் H வரை தேர்ந்தெடுத்து:

```
=AND($G2="",$F2<>"",$F2<=TODAY())
```

காலையில் நிறம் மாறிய வரிகளை மட்டும் வாசிக்கிறோம். தேதி வராதவற்றைத் தொடுவதே இல்லை. மூன்று நிமிடம் போதுமாக இருப்பது இதனால்தான்.

இதற்கென்று தனி மென்பொருள் வாங்காதீர்கள். ஜிராவில் டிக்கெட்டுக்குக் கொடி போடும் வசதி நல்லது, நாங்களும் போடுகிறோம். ஆனால் நின்றிருக்கிறது என்பதைத்தான் கொடி சொல்லும். அடுத்து யார், எப்போது கேட்பார் என்பதை ஷீட்தான் சொல்கிறது.

3. மூடுவது: நான் மாட்டிக்கொண்ட இடம்

டெஸ்ட் அக்கவுண்ட் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. ஒன்பதாம் நாள் லாகின் விவரம் மெயிலில் வந்தது. "வந்துடுச்சு" என்று வரியை மூடினேன். டெஸ்டர் அன்று வேறு வேலையில் இருந்தார். மறுநாள் உள்ளே போய்ப் பார்த்தால் லாகின் ஆகிறது, பணம் திரும்பப் பெறும் பட்டன் மட்டும் இல்லை. அந்த உரிமையைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். வரி மூடியிருந்ததால் அது மறுபடி பேச்சில் வரவில்லை. இன்னும் இரண்டு நாள் போனது.

"மெயில் போட்டாச்சு", "தரேன்னு சொல்லிட்டாங்க", "வந்துடுச்சு" என்ற மூன்றும் மூடியதற்கு அடையாளம் இல்லை. இப்போது எங்கள் விதி: வேலை நின்றுபோனவர் அதை ஒருமுறை பயன்படுத்திப் பார்த்து, "என் டிக்கெட் நகர்ந்துடுச்சு" என்று சொன்னால்தான் G-இல் தேதி. பின்தொடர்பவர் மூடக் கூடாது, நானும் மூடக் கூடாது.

"மெயில் போட்டாச்சு" என்று வந்தால் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: "பதில் வரலேன்னா எப்போ போன் பண்ணுவீங்க?" அந்த நாள் F-இல் போகும். பெரும்பாலும் மறுநாள், அதிகம் போனால் இரண்டு நாள்.

4. தேதி இரண்டு முறை தள்ளிப்போனால்

அப்போது லீட் எடுத்துக்கொண்டு எதிர்ப்பிரிவின் மேலாளரிடம் நேரில் அல்லது போனில் பேச வேண்டும். இந்த விதியை அந்தப் பிரிவிடம் முன்பே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் முதல் போனையே புகாராக எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாத் தடையும் தீராது. சில நேரம் காத்திருப்பதை விட்டு வேறு வழி போக வேண்டியிருக்கும். அதையும் தேதியோடு "வழி மாற்றினோம்" என்று எழுதி மூடுங்கள். வரியை அழிக்காதீர்கள். மாதக் கடைசியில் H-ஐப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிப் பார்த்தபோது, எங்களிடம் நீண்டு கிடந்தவை பெரும்பாலும் அனுமதி கேட்டவை. இப்போது அனுமதிகளை வேலை தொடங்கும் வாரத்துக்கு முன்பே கேட்டுவிடுகிறோம்.

ஷீட் காலியாகவே இருந்தால்

ஒரு வாரம் யாருமே பிளாக்கர் சொல்லவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். போர்டில் இரண்டு நாளாக ஒரே கட்டத்தில் நிற்கும் டிக்கெட்டைப் பார்த்து, "இது நகர என்ன கிடைக்கணும்?" என்று கேளுங்கள். "தடை இருக்கா?" என்றால் "இல்லை" என்பவர்கள் இதற்குப் பதில் சொல்கிறார்கள். தனக்குத் தெரியாத ஒன்றை ஒப்புக்கொள்ளத் தயங்கும் புதியவர்களிடம் இந்தக் கேள்வி நன்றாகவே வேலை செய்கிறது.

பின்சேர்க்கை: சனிக்கிழமையும் வேலை செய்யும் டீமில் வயது குறைவாகக் காட்டுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சரிதான், மேலே உள்ள சூத்திரம் சனி, ஞாயிறு இரண்டையும் கழிக்கும். ஞாயிறு மட்டும் விடுமுறை என்றால் இதைப் போடுங்கள். 11 என்பது ஞாயிற்றை மட்டும் குறிக்கும்:

```
=IF(B2="","",NETWORKDAYS.INTL(B2,IF(G2="",TODAY(),G2),11)-1)
```