சேமியா உப்புமா குழையாமல் உதிரியாக வர

சேமியா உப்புமா களி மாதிரி ஆகிவிடுகிறதா? பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். ஒரு கப் சேமியாவுக்கு ஒன்றரை கப் தண்ணீர் போதும். ரவைக்கு ஊற்றுகிற கணக்கில் ஊற்றினால் குழையத்தான் செய்யும்.

முதலில் ஒரு ஸ்பூன் நெய்யில், சிறு தீயில், சேமியாவைக் கைவிடாமல் வறுங்கள். வெள்ளை இழைகள் பொன்னிறமாகி, கிளறும்போது சலசலவென்று சத்தம் வர வேண்டும். ‘வறுத்தது’ என்று போட்ட பாக்கெட்டையும் நான் இரண்டு நிமிடம் வறுக்காமல் விடுவதில்லை. வறுத்ததும் தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலிச் சூட்டிலேயே கருகிவிடும்.

தாளித்து, வெங்காயம் வதக்கி, தண்ணீரும் உப்பும் சேர்த்து, தளதளவென்று கொதித்த பிறகே சேமியாவைப் போட வேண்டும். தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். அப்புறம் முள்கரண்டியால் கிளறினால் இழை இழையாகப் பிரியும். சூட்டோடு கரண்டி போட்டால் உடைந்து ஒட்டிக்கொள்ளும்.

அரிசி சேமியாவுக்கு வறுப்பதெல்லாம் வேண்டாம். கொதித்த தண்ணீரில் உப்பும் சிறிது எண்ணெயும் விட்டு, அடுப்பை அணைத்துவிட்டு அதில் போடுங்கள். மூன்று நிமிடத்தில் ஓர் இழையைக் கடித்துப் பாருங்கள். நடுவில் நறுக்கென்று இல்லையென்றால் உடனே வடிகட்டி, பச்சைத்தண்ணீரில் அலசி, நன்றாக வடிந்தபின் தாளியுங்கள்.