தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரே வரைபடத்தில்: லாக் அச்சா, குறியீட்டு எண்ணா?

2011 கணக்கெடுப்பில் ஏழு கோடி பேர் இருந்த தமிழ்நாட்டையும் பன்னிரண்டரை லட்சம் பேர் இருந்த புதுச்சேரியையும் ஒரே கோட்டு வரைபடத்தில் போட்டால் என்ன ஆகும் என்று முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பிரச்சினையைக் கண்ணால் பார்த்தால்தான் தீர்வு பிடிபடும். கூகுள் ஷீட்ஸில் புதுத் தாள் ஒன்றைத் திறந்து, A1 கட்டத்தில் இதை ஒட்டுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்கள், லட்சத்தில்:

```
வருடம்,தமிழ்நாடு,புதுச்சேரி
1961,337,3.69
1971,412,4.72
1981,484,6.04
1991,559,8.08
2001,624,9.74
2011,721,12.48
```

எல்லாம் ஒரே நெடுவரிசையில் வந்து விழுந்தால், Data மெனுவில் Split text to columns கொடுங்கள், பிரிந்துவிடும். அப்புறம் மூன்று நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து Insert → Chart போய், வகையை Line chart ஆக்குங்கள். வருடமும் ஒரு கோடாக வந்து நின்றால், Setup பகுதியில் அதை Series-இலிருந்து எடுத்துவிட்டு X-axis-இல் வையுங்கள்.

தமிழ்நாட்டின் கோடு அழகாக ஏறும். புதுச்சேரியோ தரையோடு ஒட்டிக் கிடக்கும். அச்சு 0 முதல் 800 வரை, வரைபடத்தின் உயரம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஐம்பது வருடத்தில் அந்தக் கோடு ஏறுவது ஒரு மில்லிமீட்டர்தான். உண்மையில் அங்கே மக்கள்தொகை மூன்று மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது, தமிழ்நாட்டில் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது. வேகமாக வளர்ந்த ஊர்தான் வளரவே இல்லை என்பதுபோலத் தெரிகிறது!

சரி, முதல் வழி குறியீட்டு எண். இரண்டுக்குமே 1961-ஐ 100 என்று வைத்துக்கொண்டு மற்ற வருடங்களை அதோடு ஒப்பிடுகிறோம். D2-இல் இதை எழுதி, வலப்பக்கம் E2-க்கும் கீழே 7-ஆம் வரி வரைக்கும் இழுத்துவிடுங்கள்:

```
=B2/B$2*100
```

அந்த $ குறியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் கீழே இழுக்க இழுக்க அடிப்படை வருடமும் கூடவே நகர்ந்து, எல்லாக் கட்டத்திலும் 100 என்றே வரும். அப்படி வந்தால் தவறு எங்கே என்று உடனே தெரிந்துகொள்ளலாம். சரியாகச் செய்திருந்தால் 2011-க்கு தமிழ்நாடு 214, புதுச்சேரி 338 என்று இருக்கும். D, E இரண்டையும் வருடத்தோடு வரைந்தால் இரு கோடுகளும் 100-இல் ஒன்றாகக் கிளம்பி விலகிப் போவது தெளிவாகத் தெரியும். தலைப்பில் "1961 = 100" என்று கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் அடிப்படை வருடத்தை மாற்றினால் படமே மாறிவிடும்: 2001-ஐ 100 ஆக்கினால் 2011-இல் 116, 128 என்று இரண்டும் நெருங்கி நிற்கும்.

இந்தப் படத்தில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. புதுச்சேரிக் கோடு கடைசியில் செங்குத்தாக ஏறுவதைப் பார்த்து, வளர்ச்சி வேகமெடுத்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். 1961-71-இல் அது ஏறியது 28 புள்ளி, 2001-11-இல் 74 புள்ளி. ஆனால் சதவீதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு பத்தாண்டிலுமே வளர்ச்சி சுமார் 28 சதவீதம்தான்! 100-இல் 28 சதவீதம் என்பது 28 புள்ளி, 264-இல் அதே 28 சதவீதம் 74 புள்ளி ஆகிவிடுகிறது, அவ்வளவுதான்.

வளர்ச்சி வேகத்தை ஒப்பிட லாக் அச்சுதான் சரி என்று நான் சொல்வது இதனால்தான். அதில் 1-இலிருந்து 10, 10-இலிருந்து 100, 100-இலிருந்து 1000 எல்லாம் ஒரே உயரம், அதாவது சம தூரம் என்றால் சம மடங்கு. முதலில் வரைந்த படத்துக்கே திரும்பிப் போய், அதை இரண்டு முறை சொடுக்கி, Customize → Vertical axis-இல் Log scale-ஐ டிக் செய்யுங்கள், Min 1, Max 1000 கொடுங்கள். இப்போது தமிழ்நாடு மேலே, புதுச்சேரி கீழே, இரண்டுமே நன்றாகத் தெரியும், நிஜ எண்களும் அச்சிலேயே இருக்கும். புதுச்சேரியின் முதல் பத்தாண்டும் கடைசிப் பத்தாண்டும் ஒரே சாய்வில் இருப்பதையும், 1991-2001-இல் கோடு கொஞ்சம் படுத்திருப்பதையும் பாருங்கள். அந்தப் பத்தாண்டில் வளர்ச்சி சுமார் 21 சதவீதமாகக் குறைந்திருந்தது, குறியீட்டுப் படத்தில் அதே துண்டு 1961-71-ஐவிடச் செங்குத்தாக இருந்தது.

லாக் அச்சில் இரண்டு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஏற்றம் எல்லாம் அடங்கித் தெரியும், தமிழ்நாட்டின் இரண்டு மடங்கு வளர்ச்சி படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் எடுக்கும், அதனால் படத்தைக் கொஞ்சம் உயரமாக இழுத்து வைத்து, "லாக் அச்சு" என்று அதன் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இன்னொன்று, சுழியத்துக்கும் எதிர்ம எண்ணுக்கும் அங்கே இடமே கிடையாது. லாப நஷ்டக் கணக்கு மாதிரி சுழியத்துக்குக் கீழே போகிற தரவு என்றால் லாக் அச்சை விட்டுவிட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு தனிப் படம் போடுங்கள்.