பூனை இருக்கும் வீட்டில் லில்லிப் பூங்கொத்து: செய்யக் கூடாத தவறுகள்

சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் புளோக்கில் எதிர்வீட்டு அக்கா புதுமனை புகுவிழா வைத்தார். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, அவருடன் வேலை செய்யும் சீனத் தோழி ஒருவர் பெரிய லில்லிப் பூங்கொத்தோடு வந்தார். சீனர்களுக்கு அது மங்கலப் பூ. அதன் பெயரிலேயே நூறாண்டு ஒற்றுமை என்ற வாழ்த்து ஒலிக்கும். கல்யாணம், புத்தாண்டு, புதுவீடு என்று எல்லாவற்றுக்கும் கொடுப்பார்கள். அக்கா அதைச் சாடியில் வைத்து டிவி மேசையில் நிறுத்தினார்.

இரவு பத்தரைக்குப் பூனை இரண்டு முறை வாந்தி எடுத்தது. வாந்தியில் ஒரு பச்சை நார் கிடந்தது. சனிக்கிழமை காலை வாந்தி நின்றுவிட்டது. பூனை சுருண்டு தூங்கியது. முடி உருண்டைதான், வெளியே வந்துவிட்டது என்று அக்கா நினைத்தார். மாலையில் மணல் பெட்டியில் வழக்கத்தைவிடப் பெரிய மூன்று மூத்திரக் கட்டிகள். நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது போல என்று மகிழ்ந்தார். ஞாயிறு காலை ஒரு கட்டிகூட இல்லை. பூனை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. மருத்துவரிடம் கொண்டுபோனபோது சிறுநீரகம் ஏறக்குறைய நின்றிருந்தது. செவ்வாய்க்கிழமை இறந்துபோனது.

இதில் அக்கா அலட்சியமாக இருந்ததாகச் சொல்ல முடியாது. லில்லி நஞ்சின் போக்கே ஆளை ஏமாற்றும். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, எச்சில், சோர்வு வரும். அரை நாளுக்குள் அது தானாக அடங்கிப் பூனை தேறிவிட்டது போலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் மடிந்துகொண்டிருக்கின்றன. முதலில் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் போகிறது, அதனால் மூத்திரம் கூடுகிறது. அக்கா பார்த்த மூன்று பெரிய கட்டிகள் அதுதான். பிறகு ஒன்றிரண்டு நாளில் மூத்திரமே நின்றுவிடும். ஆகவே முதல் தவறு, வாந்தி நின்றதைக் குணமாக எடுத்துக்கொள்வது. வீட்டில் லில்லி இருந்து பூனை வாந்தி எடுத்தால், வாந்தி நின்றாலும் நிற்காவிட்டாலும் அன்றிரவே கிளம்ப வேண்டும். தின்ற 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலான பூனைகளைக் காப்பாற்றிவிடலாம். அதைத் தாண்டினால் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. வெள்ளி இரவு பத்தரைக்கு அக்காவுக்கு நேரம் இருந்தது. ஞாயிறு காலை இல்லை.

எவ்வளவு தின்றால் ஆபத்து? ஒன்றிரண்டு இலை போதும். தின்னவே தேவையில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாதது. மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதைப் பூனை நக்கிச் சுத்தம் செய்தாலே போதும். சாடித் தண்ணீரைக் குடித்தாலும் ஆபத்துதான். பூக்கடையில் சிலர் நடுவிலிருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டு, இனிப் பயமில்லை என்பார்கள். மேசைத் துணியில் கறை படியாமலிருக்க அது உதவும், அவ்வளவுதான். இதழ், இலை, தண்டு, கிழங்கு எல்லாமே நஞ்சு. அலமாரி உச்சியில் வைப்பதும் வீண். பூனை ஏற முடியாத இடம் வீவக வீட்டில் எங்கே இருக்கிறது?

பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. தமிழில் லில்லியை அல்லி என்று எழுதிவிடுகிறார்கள். அல்லி குளத்தில் பூப்பது, இதற்கும் அதற்கும் உறவில்லை. சிறுநீரகத்தைக் கொல்பவை பூங்கொத்துகளில் வரும் ஓரியண்டல், ஏஷியாட்டிக், ஈஸ்டர், டைகர் லில்லிகளும் தோட்டத்து டே லில்லியும். வரவேற்பறைத் தொட்டியில் வெள்ளை மடலோடு நிற்கும் பீஸ் லில்லி வேறு குடும்பம், மணி பிளான்ட்டின் உறவு. இவற்றின் சாறில் ஊசி போன்ற நுண்படிகங்கள் உண்டு. கடித்த உடனே வாய் எரியும், பூனை எச்சில் ஒழுகக் காலால் வாயைப் பிறாண்டும், மேற்கொண்டு தின்னாது. வாயைத் தண்ணீரால் மெல்லத் துடைத்துவிட்டு மருத்துவரைக் கேட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூச்சுத் திணறினால் மட்டும் ஓட வேண்டும். வலியைக் கொடுக்கும் செடி பூனையை எச்சரித்துவிடுகிறது. லில்லி எச்சரிப்பதில்லை.

அவசரத்தில் கைவைத்தியம் செய்வது இன்னொரு தவறு. உப்புத் தண்ணீரை ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், இரத்தத்தில் உப்பு ஏறி அதுவே கொல்லும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூனையின் வயிற்றைப் புண்ணாக்கும். பால் எந்த நஞ்சையும் முறிக்காது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ரோமத்தில் ஆரஞ்சுத் தூள் தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்து, அது நக்காமல் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். செடியில் ஒரு துண்டையோ கைப்பேசியில் படத்தையோ எடுத்துக்கொண்டு, 24 மணி நேரமும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனைக்குப் போங்கள். "லில்லி தின்றுவிட்டது" என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.

அங்கே வாந்தி எடுக்க வைக்கும் ஊசி, கரித்தூள், பிறகு இரண்டு மூன்று நாள் நரம்பு வழியாகத் திரவம் என்று போகும். செலவு கூடத்தான் செய்யும். முதல் இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாக இருக்கிறதே, வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாமே என்று அந்த நேரத்தில் தோன்றும். அது கடைசித் தவறு. கிரியாட்டினின் தாமதமாகவே ஏறும். முதல் நாள் அளவு பின்னால் ஒப்பிடுவதற்குத்தான். இரண்டாம், மூன்றாம் நாள் அளவும் சரியாக இருந்தால்தான் மூச்சு விடலாம்.

நம் வீடுகளுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தேக்காவில் வாங்கும் மாலையில் அரளி இருக்கும். பூஜை முடிந்து காய்ந்த மாலை கீழே கிடந்தால் பூனைக்கு அது விளையாட்டுச் சாமான். அரளியின் நஞ்சு இதயத்தைத் தாக்கும்: வாந்தி, தள்ளாட்டம், நாடித் துடிப்பு மெதுவாகி ஒழுங்கு தவறுதல். காய்ந்தாலும் வீரியம் போகாது. கழற்றிய மாலையை அன்றே மூடிய குப்பைத்தொட்டியில் போடுங்கள். மல்லிகைச் சரமும் ரோஜாவும் பிரச்சினையில்லை.

2024 செப்டம்பரிலிருந்து வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை உரிமத்தோடு வளர்க்கலாம் என்று ஆனபின், எங்கள் மாடியிலேயே நாலு வீட்டில் பூனை இருக்கிறது. விருந்துக்கு வருகிறவர்கள் பூ வாங்குமுன் என்னிடம் கேட்டால் ஆர்க்கிட் என்கிறேன். பூனை கடித்தாலும் பூதான் போகும்.