சின்னப் பலகையில் இரண்டு மொழி: அருங்காட்சியகக் குறிப்பு எழுதும் முறை

அருங்காட்சியகத்தில் பொருளுக்குப் பக்கத்தில் வைக்கிற சின்னப் பலகைக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டியிருந்தால், பல இடங்களில் நடப்பது இதுதான். முதலில் ஆங்கிலக் குறிப்பை எழுதி, அதற்கேற்பப் பலகையையும் வடிவமைத்துவிடுகிறார்கள். கடைசியில் மிச்சமிருக்கும் இடத்தில் தமிழை அடைக்கப் பார்க்கிறார்கள். தமிழ் அங்கே கொள்ளாது. உடனே எழுத்தின் அளவைக் குறைப்பார்கள், வரிகளை நெருக்குவார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்றாலும் படிக்க முடியாத ஒரு தமிழ்ப் பத்தி உருவாகிவிடும். எனவே தமிழிலிருந்தே தொடங்குவோம்.

உதாரணத்துக்கு ஒரே பொருளை எடுத்துக்கொள்கிறேன்: ஆதிச்சநல்லூரில் கிடைத்தது போன்ற ஒரு முதுமக்கள் தாழி. பலகை ஏ5 அளவு, படுக்கைவாட்டில். அதாவது 21 செ.மீ. அகலம், 14.8 செ.மீ. உயரம்.

படி 1: எழுதும் முன் வரிகளை எண்ணுங்கள்

நான்கு பக்கமும் 1 செ.மீ. ஓரம் விட்டால், எழுத 19 செ.மீ. அகலமும் 12.8 செ.மீ. உயரமும் கிடைக்கும். நின்றுகொண்டு படிக்கிற பலகை என்பதால் எழுத்து 18 பாயிண்டுக்குக் கீழே போகக் கூடாது. தாத்தா பாட்டிகளும் வருவார்கள், அரங்கில் வெளிச்சமும் குறைவாகவே இருக்கும்.

தமிழில் கி, கீ போன்ற எழுத்துகள் மேலே ஏறும். கு, மூ போன்றவை கீழே இறங்கும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் மேல்வளைவும் முட்டிக்கொள்ளும். அதனால் வரி உயரத்தை எழுத்தளவைப் போல 1.45 மடங்கு வையுங்கள். 18 பாயிண்டுக்கு இது ஏறத்தாழ 9 மி.மீ. வரும். ஆங்கிலத்துக்கு 8 மி.மீ. போதும்.

இப்போது இடத்தைப் பங்கு போடலாம். இரண்டு மொழித் தலைப்புகளுக்கும் சேர்த்து 2.5 செ.மீ., தமிழ் ஐந்து வரிக்கு 4.5 செ.மீ., ஆங்கிலம் நான்கு வரிக்கு 3.2 செ.மீ. மிச்சம் 2.6 செ.மீ. இருக்கும். தகவல் வரிகளும் இடைவெளிகளும் அதில் அடங்கிவிடும்.

ஐந்து வரித் தமிழ் என்றால் ஏறக்குறைய 20 முதல் 25 சொற்கள். நான்கு வரி ஆங்கிலம் என்றால் 40 சொற்கள் வரை போகலாம். இது தமிழுக்கு இழைக்கும் அநீதி இல்லை. தமிழில் வேற்றுமை உருபும் காலமும் இடமும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், சொற்கள் நீளமாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். 'இரண்டு மொழியிலும் ஐம்பது சொல்' என்று விதி போட்டால் தமிழ்ப் பக்கம் வழியத்தான் செய்யும். சொல்லை எண்ணாமல் வரியை எண்ணுங்கள்.

மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதா, மேலும் கீழுமாக வைப்பதா? இந்த அளவுப் பலகைக்கு மேலும் கீழும்தான் சரி. குறுகிய பத்தியில் 'கருவிகளையும்' மாதிரி ஒரு சொல் வந்தாலே பாதி வரி போய்விடும், அடுத்த சொல் கீழே இறங்கிவிடும்.

படி 2: இரண்டு மொழிக்கும் பொதுவான தகவல் தாள்

எந்த மொழியிலும் வாக்கியம் எழுதாமல், துண்டு துண்டாகத் தகவல்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பெயர், செய்பொருள், கிடைத்த இடம், காலம், பயன், கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு விசேஷம், பதிவேட்டு எண். ஆய்வாளரிடம் இந்தத் தாளுக்கே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அப்புறம் இரு மொழியிலும் தனித்தனியாக எழுதினாலும் செய்தி மாறாது.

தாழிக்கு இந்தத் தாளில் நிறைய சேரும். தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை விரிவாக அகழ்ந்தார். தாழிகளோடு இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருட்கள், பொன் நெற்றிப் பட்டங்கள் எல்லாம் கிடைத்தன. அத்தனையும் அருமையான செய்திதான், ஆனால் இந்தப் பலகைக்கு இல்லை. அகழாய்வு வரலாறு அரங்கின் வாசலில் இருக்கும் பெரிய பலகைக்குப் போகட்டும். சின்னப் பலகை, எதிரில் இருக்கும் பொருளைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

படி 3: தமிழில் எழுதுங்கள்

வழக்கமாக இப்படித்தான் எழுதுவார்கள்:

> ஆதிச்சநல்லூர் அகழாய்வில் கண்டெடுக்கப்பட்டதும், இரும்புக் காலத்தைச் சேர்ந்ததும், இறந்தோரின் எலும்புகளை மண்கலங்கள் மற்றும் இரும்புக் கருவிகளுடன் வைத்துப் புதைக்கப் பயன்படுத்தப்பட்டதுமான சுடுமண் ஈமத்தாழி இதுவாகும்.

தகவலில் தப்பில்லை. ஆனால் எது என்பதே கடைசியில்தான் தெரிகிறது. அதுவரை வந்த அடைமொழிகளை எல்லாம் படிப்பவர் மனத்தில் சுமந்துகொண்டே வர வேண்டும். பத்து வயதுப் பிள்ளை பாதியிலேயே அடுத்த பெட்டிக்குப் போய்விடும். இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது: ஒவ்வொரு 'ப்பட்ட'வையும் பிடித்து, 'யார் செய்தார்கள்?' என்று கேளுங்கள். 'வைத்துப் புதைக்கப் பயன்படுத்தப்பட்ட' என்பது 'வைத்துப் புதைத்தார்கள்' ஆகும். அடைமொழி ஒன்று தனி வாக்கியமாகிவிடும்.

அடுத்தது, எங்கே தொடங்குவது என்பது. வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் எதிரில் இருப்பது தாழிதான். அதனால் கண்ணில் படுவதிலிருந்து தொடங்குங்கள். நம் தாழியின் அடி தட்டையாக இல்லை, கூம்பியிருக்கிறது. அரங்கில் அதை இரும்பு வளையத்தில்தான் நிறுத்தியிருப்பார்கள். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதிலே தாழி எதற்காக என்பதையும் சொல்லிவிடுகிறது:

> முதுமக்கள் தாழி
> தாழியின் அடியைப் பாருங்கள்: கூம்பி இருக்கிறது. தரையில் நிற்காது, குழியில் இறக்கினால்தான் நிற்கும். இறந்தவரின் எலும்புகளை இதில் வைத்துப் புதைத்தார்கள். கூடவே மண்கலங்களையும் இரும்புக் கருவிகளையும் வைத்தார்கள்.

இருபது சொற்கள். 18 பாயிண்டில் ஐந்து வரிக்குள் அடங்கும். பழைய வாக்கியத்தில் இருந்த இடமும் காலமும் செய்பொருளும் காணாமல் போகவில்லை, அடியில் இருக்கும் தகவல் வரிக்குப் போயிருக்கின்றன.

இதைச் சிறுவர் நடை என்று நினைக்க வேண்டாம். வாக்கியம்தான் சின்னது, செய்தி பெரியவர்களுக்கும் புதிதாகத்தான் இருக்கும். 'குட்டீஸ்' என்று தனிப்பெட்டி போட்டு அதே செய்தியைத் திரும்பச் சொல்வதைவிட, எல்லாருக்கும் பொதுவாக ஒரே குறிப்பை எழுதுவதே இந்த அளவுக்கு ஏற்றது. மரணத்தைப் பற்றிய இடத்தில் மழுப்பவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். 'இறந்தவரின் எலும்புகள்' என்று நேராகச் சொன்னால் பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

படி 4: ஆங்கிலத்தைத் தகவல் தாளிலிருந்து எழுதுங்கள்

தமிழ்க் குறிப்பை வரிக்கு வரி ஆங்கிலமாக்காதீர்கள். ஆங்கிலத்தில் அடி கூம்பியிருப்பதையும் அது தரையில் நிற்காததையும் ஒரே வாக்கியத்தில் இயல்பாகச் சேர்த்துவிடலாம். அதில் மிச்சமாகும் இடத்தை, வெளியூரிலிருந்து வருபவருக்குத் தேவையான ஒன்றுக்குக் கொடுங்கள். நம் ஊர்க்காரருக்குத் 'தூத்துக்குடி மாவட்டம்' என்றால் போதும். வெளிநாட்டுக்காரருக்குத் 'தமிழ்நாட்டின் தெற்கே, தாமிரபரணி ஆற்றின் கரையில்' என்றால்தான் இடம் பிடிபடும். தலைப்பிலும் 'பரியல் அர்ன்' என்பதோடு, 'முதுமக்கள் தாழி' என்ற பெயரை ஆங்கில எழுத்திலும் போடுங்கள். தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

முடித்ததும் இரு மொழியும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். இடத்தைச் சொல்லும் விதம் வேறுபடலாம். ஆனால் காலமோ பயனோ எண்ணோ வேறுபட்டால் அது பிழை.

படி 5: தகவல் வரி

> சுடுமண் | ஆதிச்சநல்லூர், தூத்துக்குடி மாவட்டம் | இரும்புக் காலம்

இதன் கீழே ஆங்கிலத்தில் அதே வரிசை. இந்த வரிகள் மட்டும் 14 பாயிண்ட் இருக்கலாம். இது தேடிப் படிப்பவர்களுக்கான இடம். கி.மு. என்பதா, பொ.ஆ.மு. என்பதா என்று அருங்காட்சியகம் முழுவதற்கும் ஒரே முடிவு எடுத்துவிடுங்கள். ஆய்வாளர் ஆண்டுக் கணக்கு கொடுத்தால், 'ஏறத்தாழ இத்தனை ஆண்டுகளுக்கு முன்' என்று எழுதுவதே நல்லது. கி.மு.வில் பின்னோக்கி எண்ணுவது சின்னப் பிள்ளைகளுக்குக் குழப்பம்.

படி 6: எழுத்துரு உடைகிறதா என்று பாருங்கள்

நல்ல குறிப்புகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். Noto Sans Tamil, அதன் ஆங்கில ஜோடியான Noto Sans இரண்டும் இலவசம், ஒன்றோடு ஒன்று பொருந்தும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குறிகளாகத் தெரியும்.

வடிவமைப்பாளர் InDesign பயன்படுத்தினால், பத்தி அமைப்பில் `Adobe World-Ready Paragraph Composer` தேர்வாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், சில இடங்களில் புள்ளி வட்டம் முளைக்கும். தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு இது படாது. அதனால் அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பை நீங்களே திறந்து கொ, கோ, கை, ஸ்ரீ வரும் இடங்களைப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் நேராக இழுத்து நிரப்பும் அமைப்பு வேண்டாம். நீளச் சொல் அடுத்த வரிக்குப் போனதும், மேல்வரியில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும். வரியைக் கையால் உடையுங்கள், அதுவும் பொருள் நிற்கும் இடத்தில். 'இரும்புக்' ஒரு வரியிலும் 'கருவிகளையும்' அடுத்த வரியிலும் வந்தால் வாசிப்பு தடுக்கும்.

படி 7: உண்மை அளவில் அச்சிட்டு ஒட்டிப் பாருங்கள்

திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாதாரணத் தாளில் நூறு சதவீத அளவில் அச்சிட்டு, பலகை வரப்போகிற இடத்திலேயே, அந்த வெளிச்சத்திலேயே ஒட்டுங்கள். தமிழ் 'ப'வின் உயரத்தையும் ஆங்கிலச் சிற்றெழுத்தின் உயரத்தையும் அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒரே பாயிண்ட் அளவு போட்டாலும் எழுத்துருவைப் பொறுத்து ஒன்று சிறிதாகத் தெரியும். அப்படியானால் ஒன்றை ஒரு பாயிண்ட் கூட்டியோ குறைத்தோ சமமாக்குங்கள்.

பிறகு ஒரு பிள்ளையைத் தமிழையும், இன்னொருவரை ஆங்கிலத்தையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுக்கி மறுபடி தொடங்குகிறார்களோ, அந்த இடத்தை மாற்றி எழுத வேண்டும். படித்ததும் தாழியின் அடியைக் குனிந்து பார்க்கிறார்களா என்றும் கவனியுங்கள். பார்க்கவில்லை என்றால், ஒன்று முதல் வாக்கியம் வேலை செய்யவில்லை, இல்லாவிட்டால் பலகையே அடியை மறைத்துக்கொண்டிருக்கிறது.

திருத்தம் எல்லாம் முடிந்ததும் இரு மொழிக் குறிப்பையும் ஒரே கோப்பில், பதிவேட்டு எண்ணோடு சேமித்து வையுங்கள். நாளைக்குக் காலக்கணிப்பு மாறினால், ஒரு மொழியில் திருத்திவிட்டு இன்னொன்றை மறக்காமல் இருக்க அது உதவும்.