குறும்படத்தை விழாவுக்கு அனுப்பும் முன்: நழுவும் சப்டைட்டில்

வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கத்து இளைஞர்கள் தங்கள் முதல் குறும்படத்தை விழாவுக்கு அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டுவதுண்டு. விண்ணப்பத்தை நிரப்புவதில் அவர்கள் பெரும்பாலும் தவறுவதில்லை. சப்டைட்டிலில்தான் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இடறுகிறார்கள்.

ஃப்ரேம் மாறினால் சப்டைட்டிலும் மாற வேண்டும்

குடியாத்தத்து நெசவாளர் குடும்பத்தைப் பற்றிய 12 நிமிடப் படம் ஒன்று, நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுக்கப்பட்டிருந்தது. அதைத் தேர்ந்தெடுத்த விழா, திரையரங்கில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதியான டிசிபியை 24 ஃப்ரேமில் கேட்டது. படத்தின் 18,000 ஃப்ரேம்களில் ஒன்றையும் விடாமல் 24 வேகத்தில் ஓடுமாறு மாற்றியதால் படம் 12 நிமிடம் 30 நொடியாக நீண்டது. சப்டைட்டில் எழுத்துகள் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பையோ யாரும் தொடவில்லை. அந்தக் கோப்பில் இருப்பது ஃப்ரேம் எண் அன்று, கடிகார நேரம் என்பதால், படம் மெதுவானாலும் எழுத்துகள் பழைய நேரத்திலேயே வந்தன. 11 நிமிடம் 12 நொடியில் இருந்த தாயின் கடைசி வசனம் 11 நிமிடம் 40 நொடிக்குத் தள்ளிப்போக, அவர் வாய் திறப்பதற்கு 28 நொடி முன்பே அவர் சொல்லப்போவதை அரங்கம் படித்து முடித்துவிட்டது. ஒரு குடும்பமே உழைத்து நடித்த காட்சி இப்படிக் கெடுவதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதல் வசனத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது, ஏனெனில் தொடக்கத்தில் விலகல் மிகச் சிறியது. தொடக்கம், நடு, கடைசி என மூன்று வசனங்களைச் சோதியுங்கள். விலகல் போகப்போக வளர்ந்தால் காரணம் ஃப்ரேம் வேகம். Subtitle Edit மென்பொருளில் உள்ள Change frame rate வசதியில் 25-லிருந்து 24 என்று கொடுத்தால் எல்லா நேரங்களும் சேர்ந்து நீளும். விலகல் எங்கும் ஒரே அளவாக இருந்தால், படத்தின் முன்னால் கறுப்புத் திரையோ விழா முத்திரையோ சேர்ந்திருக்கும். அப்போது கோப்பு முழுவதையும் அந்த அளவு தள்ளி வைத்தால் போதும்.

ஆம்பூர், வாணியம்பாடிப் படங்களில் தமிழ் வசனத்துக்கு மட்டும் சப்டைட்டில் போட்டு, நமக்குப் பழகிப்போன உருது வசனத்தை விட்டுவிடுகிறார்கள். அதற்கும் போட வேண்டும்.

வடிவம்

படத்தின் மேலேயே சப்டைட்டில் பதியாத மூலப்பிரதி, அதாவது மாஸ்டர், ஒன்றைத் தனியே வைத்திருங்கள்.

ஓடும் நேரம்

கடைசிப் பெயர்ப்பட்டியலையும் சேர்த்தே கணக்கிடுங்கள். ஆஸ்கர் குறும்படப் பிரிவின் 40 நிமிட வரம்பும் அப்படித்தான் கணக்கிடப்படுகிறது. மேலே சொன்ன மாற்றம் 15 நிமிடப் படத்தை 15 நிமிடம் 37 நொடியாக்கிவிடும் என்பதால், வரம்பை ஒட்டி வெட்டியவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

ஸ்கிரீனர்

தேர்வுக்குழுவினர் படத்தைப் பார்க்க நீங்கள் அனுப்பும் ஸ்கிரீனர் இணைப்பைத் திறக்கும்போது அனுமதி கேட்கும் திரை வரக்கூடாது. கடவுச்சொல்லை விண்ணப்பத்திலேயே எழுதி, முடிவு வரும்வரை மாற்றாதீர்கள். படத்தைத் திருத்தினாலும் இணைப்பு மாறத் தேவையில்லை. Vimeo-வில் அதே முகவரியில் கோப்பை மட்டும் மாற்றலாம், ஆனால் பரிசீலனை நடக்கும்போது மாற்றுவதாக இருந்தால் விழாவினரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.